மெயிலா, போனா, வாட்ஸ்அப்பா: ரெக்ரூட்டரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது வேலை தேடும் தம்பி தங்கைகள் தினமும் கேட்கிற சந்தேகங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், அவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம்.

மூணு வழியிலயும் கிடைக்கிற மாதிரி இருந்தா நல்லதுதானே அக்கா, எதுக்கு ஒண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கணும்?

மூன்றும் திறந்தே இருக்கட்டும், எதையும் மூட வேண்டாம். ஆனால் முக்கியமான விஷயம் எங்கே வந்து சேரும் என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை என்றால் அது ஆளுக்கொரு பக்கமாகச் சிதறும். வேலை விவரம் வாட்ஸ்அப்பில், சம்பளப் பேச்சு போனில், இன்டர்வியூ லிங்க் மெயிலில். மூன்று நான்கு கன்சல்டன்சி ஒரே வாரத்தில் பேசும்போது எந்த கம்பெனிக்கு என்ன சம்பளம் சொன்னோம் என்பதே மறந்துவிடும். நேற்று ஒரு தொகை, இன்று ஒரு தொகை சொல்லிவிட்டால் ரெக்ரூட்டர் அதைப் பிடித்துவிடுவார், ஏனென்றால் அவர் முதலில் சொன்னதை எக்செல் ஷீட்டில் அப்போதே எழுதி வைத்திருப்பார்.

அப்போ எதை எடுக்கிறது? நேரடியா சொல்லுங்க.

அலுவலகம் அல்லது தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு என் பதில் மெயில். இன்டர்வியூ அழைப்பு, ஆஃபர் லெட்டர் ரெண்டும் பெரும்பாலும் கடைசியில் மெயிலில்தான் வந்து முடியும். டீம்ஸ், கூகுள் மீட் இன்டர்வியூ என்றால் லிங்க் காலண்டர் அழைப்பாக மெயிலுக்கு வரும், அதை ஏற்றுக்கொண்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். யார் என்ன சொன்னார்கள் என்று ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, மெயிலுக்கு அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனம்: ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடுக்காதீர்கள். அதை கம்பெனியின் ஐடி ஆட்கள் பார்க்க முடியும், வேலையை விட்ட அன்றே அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். அதே மாதிரி ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்துக்கொண்டு ரெக்ரூட்டரிடம் பேசுவதும் வேண்டாம், ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது மேலே எட்டிப் பார்க்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் போதும்.

நான் மெயில் பார்க்கிற ஆளே இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை திறந்தா அதிகம்.

அப்படியென்றால் இன்றைய நிலையில் மெயில் உங்களுக்குச் சரிப்படாது. பார்க்காத மெயிலை முதன்மை வழி என்று சொல்வதை விட, போனில் இந்த நேரம் என்று சொல்வது நேர்மையானது. டிரைவர், எலக்ட்ரீஷியன், ஷோரூம் விற்பனை, ஓட்டல் கிச்சன் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்களும் மெயிலைத் தேடுவதில்லை, போனில் பேசி நேரில் வரச் சொல்லிவிடுவார்கள். அங்கே போன்தான் முதன்மை வழி. பேசி முடித்ததும் சம்பளத்தையும் சேரும் தேதியையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போட்டு "சரிதானே சார்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

மெயில் தேவைப்படுகிற துறை என்றால் வேலை தேடுவதற்கென்றே தனி ஐடி ஒன்று தொடங்குங்கள். பழைய ஐடியில் கடை விளம்பரமும் பேங்க் மெயிலும் குவிந்து கிடப்பதால்தான் திறக்கவே மனசு வருவதில்லை. புது ஐடிக்கு மட்டும் போனில் நோட்டிஃபிகேஷன் வைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். ஜிமெயிலில் ஸ்பேம் பக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள், அங்கே போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வேலைவாய்ப்புத் தளங்களிலிருந்து வரும் தினசரி அலெர்ட்டைக் குறைத்துவிடலாம், ஆனால் அந்தத் தளத்திலிருந்து வருவதையெல்லாம் மொத்தமாக ஒதுக்கும்படி ஃபில்டர் போட்டுவிடாதீர்கள். ரெக்ரூட்டர் அந்தத் தளத்தின் வழியாக எழுதும் மெயிலும் அதே கூட்டத்தோடுதான் வரும்.

"எனக்கு மெயில் போடுங்க"னு சொன்னா திமிர் பிடிச்சவன்னு நினைச்சு அடுத்த ஆளுக்குப் போயிட மாட்டாங்களா?

இந்தப் பயம்தான் எல்லோரையும் தடுக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரெக்ரூட்டர் ஏன் முதலில் போனை எடுக்கிறார்? சாயங்காலத்துக்குள் இத்தனை ரெஸ்யூமே வேண்டும் என்று கிளையன்ட் கம்பெனி கேட்டிருக்கும். அவர் கையில் ஒரு ஷீட் இருக்கும், அதில் ஒவ்வொரு ஆளுக்கும் நிரப்ப வேண்டியவை முக்கியமாக நான்கு: இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கிற சம்பளம், நோட்டீஸ் பீரியட், எந்த ஊரில் வேலை செய்யத் தயார். இந்த நான்கும் கிடைக்காமல் அவரால் உங்கள் ரெஸ்யூமேவை மேலே அனுப்பவே முடியாது. அதைக் கேட்கத்தான் போன்.

ஆகவே "மெயில் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது வேலை கூடுவது. அடுத்த ஆளுக்குப் போவார், அதில் கோபம் எதுவும் இல்லை, அவருக்கு நேரம் இல்லை. அந்த நான்கு விவரத்தையும் நீங்களே முதலில் கொடுத்துவிட்டு, எந்த வழி வசதி, எத்தனை மணிக்குள் பதில் சொல்வீர்கள், அவசரம் என்றால் எப்போது கூப்பிடலாம் என்று சொன்னால் கதையே மாறிவிடும். அவர் வேலை முடிந்தது, உங்கள் வசதியும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது இப்படிப் பதில் வந்தால் அந்த ஆளைத்தான் முதலில் அனுப்புவேன், ஏனென்றால் இன்டர்வியூவுக்கும் இவர் ஒழுங்காக வருவார் என்று தோன்றும்.

சம்பளத்தை முதலிலேயே சொல்ல விருப்பமில்லை என்றால் எதிர்பார்ப்பதை மட்டும் "இதிலிருந்து இதுவரை" என்று சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை காலியாக விட்டால் போன் வரத்தான் செய்யும்.

வேலை நேரத்துல போன் வந்துடுது, பக்கத்துல மேனேஜர். எடுத்தா என்ன பேசுறது?

எடுக்க முடியாத இடம் என்றால் எடுக்கவே வேண்டாம், அழைப்பை நிறுத்தும்போதே "வேலையில் இருக்கிறேன், சிறிது நேரத்தில் விவரம் அனுப்புகிறேன்" என்று குறுஞ்செய்தி போகும்படி போனில் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல். பல கன்சல்டன்சிகளில் ஆபீஸ் பொது நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள். அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி போய்ச் சேராது, திரும்பக் கூப்பிட்டால் ரிசப்ஷனில் எடுத்து "யார் கூப்பிட்டாங்க தெரியலையே" என்பார்கள். அதனால் எழுந்து நகர முடிகிற இடம் என்றால் எடுத்து அரை நிமிடம் பேசிவிடுவதே நல்லது.

"வணக்கம் மேடம், டியூட்டியில இருக்கேன், இப்போ பேச முடியாது. உங்க பேரும் மெயில் ஐடியும் வாட்ஸ்அப்ல போட்டுடுறீங்களா? சாயங்காலத்துக்குள்ள எல்லா விவரமும் மெயில் பண்ணிடுறேன்." இவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, என் ஐடிக்கு அனுப்புங்கள் என்று சொல்லிக் காத்திருக்காமல் அவருடைய ஐடியை நீங்கள் வாங்குவது. முதல் மெயில் உங்களிடமிருந்து போனால் அந்த மெயிலிலேயே பதில் வரும், பிறகு எல்லாம் தானாக அங்கே சேர்ந்துவிடும். நேரம் சொன்னால் அந்த நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். ஒரு தடவை தவறினால் அடுத்த நாள் காலை மறுபடியும் போன்தான்.

எங்க பிளான்ட்ல ஷாப் ஃப்ளோருக்கு போனே கொண்டுபோக முடியாது. ஷிஃப்ட்டும் வாரா வாரம் மாறும். நான் எந்த நேரத்தைச் சொல்றது?

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் பிளான்ட்டில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு தம்பிக்கு இதே பிரச்சினை. காலை ஷிஃப்ட் 6 முதல் 2 வரை, அடுத்தது 2 முதல் 10, அப்புறம் நைட். போன் லாக்கரில். ஒரு நாள் 2 மணிக்கு வெளியே வந்து பார்த்தால் 11 மணி வாக்கில் இரண்டு மிஸ்டு கால், வாட்ஸ்அப்பில் "ஹாய், கால் மீ". பஸ்ஸில் உட்கார்ந்து அவர் அனுப்பியது இது:

> வணக்கம் மேடம். பிளான்ட்டுக்குள் போன் அனுமதி இல்லாததால் எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். தரக்கட்டுப்பாட்டில் 4 வருட அனுபவம், இப்போது வருடத்துக்கு 4.2 லட்சம், எதிர்பார்ப்பது 5.2 முதல் 5.5 வரை, நோட்டீஸ் 60 நாள், ஒரகடம் அல்லது ஸ்ரீபெரும்புதூர் என்றால் வசதி. ஷிஃப்ட் மாறுவதால் எனக்கு மெயில்தான் நம்பிக்கையானது, வேலை விவரத்தை அங்கே அனுப்பினால் இன்று இரவு 8 மணிக்குள் ரெஸ்யூமேவோடு பதில் போடுகிறேன். பேச வேண்டும் என்றால் இந்த வாரம் மதியம் 3 முதல் 5 வரை, அடுத்த வாரம் காலை 10 முதல் 12 வரை கூப்பிடலாம்.

கீழே மெயில் ஐடி, அவ்வளவுதான். மெயில் ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள். "எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லவில்லை, போன் அனுமதி இல்லை, ஷிஃப்ட் மாறும் என்று நடைமுறையைச் சொன்னார், அதற்கு யாரும் வருத்தப்பட முடியாது. இரண்டாவது, "மாலை நேரம் ஃப்ரீ" என்று பொதுவாகச் சொல்லாமல் வாரத்துக்கு வாரம் மாறும் நேரத்தைத் தனித்தனியாகச் சொன்னார். வெறும் "3 மணிக்கு மேல்" என்று விட்டிருந்தால் அடுத்த வாரம் 2 மணி ஷிஃப்ட்டில் அது பொய்யாகப் போயிருக்கும்.

அன்று 4 மணிக்கு வேலை விவரம் மெயிலில் வந்தது, 7 மணிக்கு அவர் ரெஸ்யூமே அனுப்பினார், அந்த மெயிலின் கடைசியிலும் அடுத்த வார நேரத்தை இன்னொரு தடவை எழுதினார். கம்பெனி முதலில் இன்டர்வியூவை மதியம் 3 மணிக்குப் போட்டதாம், கன்சல்டன்சியில் இருந்தவர் மெயிலைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்காமலேயே காலை 10.30க்கு மாற்றி வாங்கிவிட்டார். எழுத்தில் இருந்ததால் நடந்தது. நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் காலையில் தூங்குவீர்கள், அப்போது சாயங்காலம் 4 முதல் 6 வரை என்று சொல்லுங்கள், ரெக்ரூட்டர் ஆபீஸிலும் ஆள் இருக்கும்.

இதை ரெஸ்யூமேலயே எழுதி வெச்சுட்டா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டாமே?

எழுதலாம், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். ரெஸ்யூமேவில் மேலே மெயில் ஐடியை முதலில் போட்டு, போன் நம்பருக்குப் பக்கத்தில் "வார நாட்களில் மாலை 6 மணிக்கு மேல்" என்று சின்னதாகச் சேர்க்கலாம். நம்பரையே எடுத்துவிடுவது மட்டும் வேண்டாம், நம்பர் இல்லாத ரெஸ்யூமேவை பல கன்சல்டன்சிகள் ஒதுக்கிவிடும்.

நௌக்ரி மாதிரி தளங்களில் ரெக்ரூட்டர் முழு ரெஸ்யூமேவைத் திறப்பதற்கு முன்பே நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவது சாதாரணம். அதனால் புரொஃபைலில் சுருக்கம் எழுதும் இடத்திலும் ஒரு வரி போடுங்கள். அங்கே கேட்கிற சம்பளம், நோட்டீஸ் பீரியட், விரும்பும் ஊர் கட்டங்களைச் சரியாக நிரப்பி வைப்பது அதை விட முக்கியம். மேலே சொன்ன அந்த நான்கும் அங்கேயே இருந்தால் பாதி அழைப்பு வராது. இன்னொன்று, புரொஃபைலில் சின்ன மாற்றம் செய்தாலும் தேடலில் மேலே வந்துவிடும், அதற்கடுத்த நாள் போன் அதிகமாக அடிக்கும். லீவுக்கு முந்தின இரவு மாற்றம் செய்தால் அந்த அழைப்புகளை வீட்டில் இருந்தே பேசிவிடலாம்.

சொன்ன பிறகும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே?

முதலில் வேறு ஆளா என்று பாருங்கள். ஒரே கன்சல்டன்சியில் மூன்று பேர் ஒரே வேலைக்கு ஆள் தேடுவார்கள், ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போகாது. ஒவ்வொருவருக்கும் ஷிஃப்ட் பதிலில் காட்டியது போன்ற அதே செய்தியை காப்பி செய்து அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் அனுப்பும் முன் நேரத்தை மாற்றினீர்களா என்று ஒரு தடவை படியுங்கள்.

அதே ஆள் என்றால் உங்கள் பதிலில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது கிளையன்ட் அவசரப்படுத்தியிருப்பார்கள். "மேடம், எதுவும் அவசரமா? வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டீங்கன்னா பிரேக்ல பார்த்துடுறேன்" என்று கேளுங்கள். "ஏற்கெனவே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒரே நாளில் ஐந்தாறு தடவை கூப்பிட்டால் அந்த நம்பரை சைலண்டில் போடுங்கள், மெயிலில் மட்டும் தொடருங்கள். அந்த வேலை கைவிட்டுப் போனாலும் இருக்கிற வேலையில் பிரச்சினை வராது.

வாட்ஸ்அப்ல ஆதார், பேன், பேஸ்லிப் எல்லாம் கேட்குறாங்க. அனுப்பலாமா?

ரெஸ்யூமே அனுப்பும் கட்டத்தில் இவை எதுவும் தேவையே இல்லை. தேர்வான பிறகு சம்பளத்தைச் சரிபார்க்க பேஸ்லிப் கேட்பது வழக்கம்தான், ஆனால் அதை அந்த கம்பெனியின் சொந்த மெயில் முகவரிக்கோ அவர்களுடைய தளத்திலோ கொடுங்கள். "கண்டிப்பா தர்றேன் சார், கம்பெனி மெயில்ல இருந்து ஒரு வரி கேட்டீங்கன்னா அதுக்கே பதிலா அனுப்பிடுறேன்" என்றால் உண்மையான ரெக்ரூட்டர் சங்கடப்பட மாட்டார். ஆதார் கேட்டால் முதல் எட்டு எண் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

மெயில் கேட்டதும் மழுப்புகிறவர், வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ மட்டும்தான் பேசுவேன் என்பவர், ரெஜிஸ்ட்ரேஷன் அல்லது ட்ரெய்னிங் என்று பணம் கேட்பவர், இவர்களோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே 1930க்கு கூப்பிடுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாமல் வையுங்கள், அதுதான் சாட்சி.

ஒரே கம்பெனி வேலைக்கு ரெண்டு கன்சல்டன்சி கூப்பிட்டாங்க, ரெண்டு பேர்கிட்டயும் போன்ல சரின்னுட்டேன். இப்போ என்ன?

போனில் சொல்லும் "சரி" ஆபத்தாகிற இடம் இதுதான். ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு பக்கத்திலிருந்து போனால் யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வரும், அந்தத் தகராறு வேண்டாம் என்று சில கம்பெனிகள் ஆளையே விட்டுவிடும். இப்போது செய்ய வேண்டியது, முதலில் யார் கம்பெனி பெயரைச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்கினாரோ அவருக்கு மெயிலில் உறுதி சொல்லுங்கள். மற்றவருக்கு "இந்த வேலைக்கு ஏற்கெனவே வேறொரு வழியாக என் ரெஸ்யூமே போயிருக்கிறது, தயவுசெய்து அனுப்ப வேண்டாம், வேறு வேலை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்" என்று அதே நாளில் எழுதிவிடுங்கள்.

இனிமேல் கம்பெனி பெயர், வேலையின் பெயர் இரண்டும் மெயிலில் வந்த பிறகுதான் அனுப்பலாம் என்று சொல்லுங்கள். நல்ல கன்சல்டன்சிகளே இந்தச் சம்மதத்தை மெயிலில் கேட்பார்கள், ஆகவே நீங்கள் கேட்பது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

சம்பளம் பேசுற கட்டம் வந்துடுச்சு. இப்பவும் மெயில் மட்டும்தானா?

இல்லை, இங்கே போனை எடுங்கள். மெயிலில் "5.5 வேண்டும்" என்று எழுதினால் பதிலும் ஆமாம், இல்லை என்று வரும். போனில் பேசினால் "நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் தனியா தருவாங்க", "பஸ் வசதி இருக்கு", "ஆறு மாசத்துல ரிவ்யூ" என்று எழுத்தில் வராத சங்கதிகள் வெளியே வரும். பேச நேரத்தை நீங்களே மெயிலில் குறித்துக் கொடுங்கள், அவசரமில்லாமல் பேச முடிகிற நேரமாக இருக்கட்டும்.

போனை வைத்த அரை மணி நேரத்துக்குள் ஒரு மெயில் போட வேண்டும்: "இப்போது பேசியதற்கு நன்றி மேடம். நான் புரிந்துகொண்டது: மொத்தம் வருடத்துக்கு 5.4 லட்சம், நைட் அலவன்ஸ் தனி, சேரும் தேதி நோட்டீஸ் முடிந்த பிறகு. ஏதாவது தவறாக இருந்தால் திருத்திவிடுங்கள்." ஆஃபர் லெட்டர் வரும்போது இந்த மெயிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அலவன்ஸ் தனி என்று பேசியது லெட்டரில் 5.4க்குள்ளேயே சேர்ந்து வந்திருந்தால் அப்போதே கேட்டுவிடலாம். ஆஃபர் லெட்டர் கையில் வருவதற்கு முன், போனில் "கன்ஃபர்ம் ஆயிடுச்சு, பேப்பர் போட்டுடுங்க" என்று யார் சொன்னாலும் ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள்.

நடுவுல ஊருக்குப் போறேன், அங்க நெட் சரியா வராது. மெயில்னு சொன்னதை இப்போ மாத்தலாமா?

தாராளமாக. பேச்சு நடந்துகொண்டிருக்கிற ஒவ்வொருவருக்கும் கிளம்புவதற்கு முந்தின நாளே எழுதுங்கள்: "வெள்ளி முதல் திங்கள் வரை மெயில் பார்ப்பது சிரமம், அந்த நாட்களில் மட்டும் போனில் கூப்பிடுங்கள், செவ்வாய் முதல் வழக்கம்போல் மெயில்." எப்போது திரும்ப மாறும் என்ற தேதி இல்லாமல் அனுப்பினால் "இவர் போன்தான்" என்று ஷீட்டில் ஏறிவிடும், ஊரிலிருந்து வந்த பிறகும் வேலை நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.